மாமாவின் சீரும் என் வயிற்று வலியும்

ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் எங்கள் வகுப்பில் என்னைத் தவிர எல்லாப் பெண்களும் வயதுக்கு வந்துவிட்டார்கள். கடலூர் முதுநகரில் அது மறைக்கிற செய்தி இல்லை. யாராவது ஒருத்தி பத்து நாள் பள்ளிக்கூடம் வரவில்லை என்றால் அடுத்த வாரம் தெருமுனையில் அவள் முகம் ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் பேனரில் நிற்கும். பக்கத்தில் தாய்மாமன்கள் வரிசையாகக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்பார்கள். நான் அந்த வீடுகளுக்கெல்லாம் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெற்றிலைப் பை வாங்கிக்கொண்டு வருவேன்.

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் இலவச நாப்கின் பாக்கெட் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். வாங்கிய உடனே பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் தோழியிடம் கொடுத்துவிடுவேன். தன் பாக்கெட் தனக்குப் போதாது என்பாள். "உனக்கு வந்துட்டா என் கதி இன்னாடி ஆவறது?" என்று கேட்பாள். அவள் ஒருத்திதான் எனக்கு வராமல் இருப்பதில் சந்தோஷப்பட்டவள்.

எனக்கு வந்ததெல்லாம் வலிதான். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சைச் சமயத்தில் முதன்முதலாக அடிவயிற்றைக் கையால் முறுக்கிப் பிழிவதுபோல வந்தது. இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அப்புறம் மறுபடி வந்தது. முதுகின் கீழ்ப்பக்கம், தொடை என்று இறங்கும். ஒரு ஓரத்தில் சுருண்டு படுத்தால் கொஞ்சம் தேவலை. போனபின் ஒன்றுமே நடக்காத மாதிரி கோகோ விளையாடுவேன்.

அம்மா பிளவுஸ் தைப்பவள். வீட்டு முன்னறைதான் கடை. எனக்கு வலி வந்தால் அவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் கவலை பாதிதான் இருக்கும். மீதிப் பாதி சந்தோஷம்.

"இடுப்பு வலிக்குதா? அடிவயிறா? அப்ப வரப்போவுது. அதுக்குத்தான் இப்படி இழுக்குது."

உடனே உளுந்தங்களி கிண்டுவாள். நல்லெண்ணெய் வழிய வழிய ஒரு தட்டு. எள்ளுருண்டை பிடிப்பாள். பப்பாளி வாங்கி வரச்சொல்லி அப்பாவை அனுப்புவாள். அப்பா துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின் பழுது பார்ப்பவர். கிரீஸ் கையோடு பப்பாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, எதற்கு என்று கேட்காமல் வைத்துவிட்டுப் போவார். நான் வலியோடு களி தின்பேன். வலி போய்விடும். ஒன்றும் வராது. அடுத்த மாதம் மறுபடி களி.

இதில் அம்மாவைவிட அதிகமாக எதிர்பார்த்தவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்குக் குழந்தை இல்லை. எனக்குச் சீர் செய்வதைப் பற்றி அவர் என் ஐந்து வயதிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார். எத்தனை தட்டு, எந்த பேண்டு செட், எந்தக் கடையில் பட்டுப்பாவாடை என்றெல்லாம் முடிவு செய்து வைத்திருந்தார். போன் பண்ணினால் முதல் கேள்வி இதுதான்.

"அக்கா, மருமவ எப்டிக்கீறா? எதனா விசேஷமா?"

"வயித்து வலின்னு படுத்துக்கினு இருக்கறா."

"அப்ப கிட்ட வந்துருச்சி. பேண்டுக்காரன்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வெக்கறேன்."

இப்படி அவர் பேண்டுக்காரரிடம் பலமுறை சொல்லி வைத்து, பேண்டுக்காரரே பிறகு என்னைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வலி கூடியபோது தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். கேஸ் என்று ஒரு தடவை மருந்து கொடுத்தார்கள். பூச்சி என்று ஒரு தடவை. நீர்க்கடுப்பு என்று ஒரு தடவை. வயிற்றைச் சட்டைக்கு மேலேயே தொட்டுப் பார்ப்பார்கள். வயதுக்கு வந்தாச்சா என்று கேட்பார்கள். இன்னும் இல்லை என்று அம்மா சொன்னதும், சில பிள்ளைகளுக்கு லேட்டாகும் என்பார்கள். வலியும், வராததும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தன. ஒன்றோடு ஒன்றை யாரும் சேர்க்கவில்லை. நாங்களும்தான் சேர்க்கவில்லை. மாதாமாதம் வருகிறது என்றுகூட நாங்கள் சொன்னதில்லை. "அடிக்கடி வருது" என்றுதான் சொல்வோம்.

பத்தாம் வகுப்பில் வலி போன பிறகும் அடிவயிறு கனமாகவே இருந்தது. மலச்சிக்கல். உட்கார்ந்தால் கீழே எதையோ வைத்துக்கொண்டு உட்கார்வதுபோல ஒரு அழுத்தம். சிறுநீர் கழிக்கத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது, போனால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். கணக்கு டீச்சர் என்னைக் கேட்காமலேயே வாசல் பக்கம் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார். யூனிஃபார்ம் பாவாடையின் கொக்கியை அம்மா தளர்த்தித் தைத்தாள். களி தின்று சதை போட்டுவிட்டது என்று நினைத்தோம்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் முடிந்து அரையாண்டு லீவில் நானும் அம்மாவும் சிதம்பரம் போனோம். மார்கழித் தேர். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை. மாதா கோயிலில் பூசை பார்க்கிறவர்கள். ஆனால் மாமா வீடு கீழவீதியை ஒட்டிய சந்தில் இருந்ததால் தேர் பார்ப்பது எங்களுக்கு வருடாந்திர வழக்கம். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, காலையிலேயே இட்லி ஊற்றிவிட்டு மாடிக்கு நாற்காலி எல்லாம் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்.

நான் மாடிக்குப் போகவில்லை. அன்று விடியும்போதே வலி ஆரம்பித்திருந்தது. அதோடு இன்னொன்றும். சிறுநீர் கழிக்கப் போனேன், வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போனேன். வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். சொட்டு வரவில்லை. வயிறு கல்லாக நின்றது. வெளியே தேர் புறப்பட்டு ஜனம் இரைகிற சத்தம். உள்ளே நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வந்து, "வரப்போவுது, இதுதான்..." என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"ம்மா, ஒன்னுக்கே வரல. காலைலேந்து வரல. என்னால நிக்க முடியல."

அத்தைதான் முதலில் அசைந்தார். மாடியில் இருந்த மாமாவைக் கூப்பிட்டு, "தேர அப்பறம் பாக்கலாம், வண்டிய எடுங்க" என்றார்.

நான்கு வீதியும் ஜனத்தால் அடைத்துக் கிடந்தன. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சந்துகள் வழியாக மாமா ஆட்டோவைத் திருப்பினார். ஒரு இடத்தில் பொரிக்கடைத் தள்ளுவண்டி குறுக்கே நின்றது. மாமா இறங்கிப் போய் அதைத் தானே தள்ளிவிட்டுவிட்டு வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் அம்மாவின் தோளைக் கடித்தேன். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இதோ வந்துட்டோம் மருமவளே, இதோ, இதோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேம்பாலம் ஏறி இறங்கி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்வரை அந்த "இதோ" நிற்கவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் திரையை இழுத்துவிட்டு மெல்லிய குழாய் ஒன்றைச் செருகினார். கொஞ்சம் எரிந்தது. அப்புறம் குழாயின் மறுமுனையில் இருந்த பை நிரம்ப ஆரம்பித்தது. அந்த நிமிடத்தின் சுகத்தை என்னால் இப்போதும் சொல்லி முடிக்க முடியாது. நான் சிரித்துவிட்டேன். நர்ஸும் சிரித்தார். "நெறையப் பேரு இந்த இடத்துல சிரிப்பாங்க" என்றார்.

சிரிப்பு அதிகநேரம் நிலைக்கவில்லை. இளைஞரான டூட்டி டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். பை நிரம்பிய பிறகும் தொப்புளுக்குக் கீழே உருண்டையாக ஒன்று இருந்தது. அவர் அம்மாவிடம் கடைசியாக எப்போது பீரியட்ஸ் வந்தது என்று கேட்டார். இன்னும் வரவே இல்லை என்றாள் அம்மா. அவர் தலையாட்டிவிட்டு நர்ஸிடம் ஏதோ சொன்னார். நர்ஸ் அந்தப் பையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார். எதற்கு என்று அம்மா கேட்டாள்.

"கர்ப்ப டெஸ்டும்மா."

அம்மாவின் கை என் கையில் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது, அருள் நிறைந்த மரியே சொல்கிறாள் என்று தெரிந்தது. நான் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பயந்தேன்.

நர்ஸ் திரும்பி வந்து அம்மாவின் தோளைத் தொட்டார். "இல்லம்மா, நெகட்டிவ்தான். வயித்துல கட்டி மாதிரி தெரிஞ்சா பதினஞ்சானாலும் நாப்பதானாலும் எல்லாருக்கும் பண்றதுதான். உங்க பொண்ண யாரும் எதுவும் சொல்லல."

அம்மா அப்போதுதான் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில், "நான் ஒன்னும் நெனைக்கல" என்றாள். "நெனச்ச" என்றேன் நான். "ஒரு நிமிஷம்" என்று ஒத்துக்கொண்டாள்.

மகப்பேறு பிரிவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. அவர் வயிற்றைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடமே பேசினார்.

"வலி எப்படி வரும்? நீயே சொல்லு."

சொன்னேன்.

"வந்தா எத்தன நாள் இருக்கும்?"

"ரெண்டு, மூணு நாள்."

"போயிட்டு மறுபடி எப்ப?"

நான் யோசித்தேன். பள்ளிக்கூட ஆண்டுவிழா அன்று இருந்தது. அதற்கு முன்னால் தீபாவளி லீவு முடிந்த சமயம். அதற்கு முன்னால் காலாண்டுப் பரீட்சைக்கு முந்தி. வாயால் சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது.

"மாசாமாசம் வருது டாக்டர்."

"ம்" என்றார். அம்மாவைப் பார்த்து, மார்பு வளர்ந்தது, அக்குளில் முடி வந்தது எல்லாம் எப்போது என்று கேட்டார். எல்லாம் மற்றப் பெண்களைப்போலத்தான், இரண்டு மூன்று வருஷமாகிறது என்றாள் அம்மா.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நான் கீழ ஒரு தடவ பாக்கணும். உள்ள கை, கருவி எதுவும் விடமாட்டேன். வெளிய மட்டும் லேசா விலக்கிப் பாப்பேன். அம்மா உன் கையப் புடிச்சிக்குவாங்க. நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடுவேன். சரியா?"

அதுவரை என் உடம்பைப் பற்றி யாரும் என்னிடம் சரியா என்று கேட்டதில்லை. சரி என்றேன்.

லைட்டைத் திருப்பிப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. லேசாக இருமச் சொன்னார். இருமினேன். பாவாடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"நீ பெரியவளாகி ரொம்ப நாளாச்சு, தெரியுமா உனக்கு?"

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் சொன்னதை அப்படியே எழுத முயல்கிறேன். பீரியட்ஸ் ரத்தம் கர்ப்பப்பையிலிருந்து யோனி வழியாக வெளியே வருகிறது. அந்த வழியின் வாசலில் எல்லாப் பெண்களுக்கும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அதில் பிறக்கும்போதே துவாரம் இருக்கும். ஆயிரத்தில் ஒருத்தியோ பல ஆயிரத்தில் ஒருத்தியோ, சிலர் மட்டும் அந்தத் துவாரம் உண்டாகாமலேயே பிறந்துவிடுகிறார்கள். சின்ன வயதில் யாருக்கும் தெரியாது, எந்தத் தொந்தரவும் இருக்காது. வயது வந்ததும் மாதாமாதம் ரத்தம் வரும். வெளியே போக முடியாமல் உள்ளேயே தங்கும். தங்கித் தங்கி யோனி ஒரு பை மாதிரி உப்பி, முன்னால் இருக்கிற சிறுநீர்க் குழாயையும் பின்னால் இருக்கிற மலக்குடலையும் நெருக்குகிறது. அந்தச் சவ்வு இப்போது நீல நிறத்தில் வெளிப்பக்கமாகப் பிதுங்கி நிற்கிறது, இருமினால் இன்னும் பிதுங்குகிறது.

"மாசாமாசம் உனக்கு ஒழுங்கா வந்துக்கிட்டுதான் இருந்திருக்கு. வாசல்தான் தெறக்கல. சின்ன ஆபரேஷன். ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிட்டு நாளைக்கே செஞ்சிடலாம்."

எனக்கு ஆபரேஷன் என்ற சொல் காதில் ஏறவே இல்லை. "எனக்கு வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"எப்பவோ."

வயிற்றில் அவ்வளவு வலியிலும் எனக்குள் ஒரு பெரிய சந்தோஷம் கிளம்பியது. ஏதோ ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளிடம், நீ முன்பே வந்து சேர்ந்துவிட்டாய் என்று சொன்ன மாதிரி. உடனே தோழிக்குப் போன் பண்ண வேண்டும் போல இருந்தது.

ஸ்கேன் வயிற்றுக்கு மேலேயே எடுத்தார்கள். திரையில் ஒரு பெரிய கறுப்புப் பலூன் தெரிந்தது. அதன் தலையில் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த சின்ன உருண்டைதான் கர்ப்பப்பை என்றார் ஸ்கேன் பார்த்தவர். சினைப்பைகளும் சிறுநீரகங்களும் நன்றாகவே இருந்தன.

வெளியே மாமாவும் அத்தையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கடலூரிலிருந்து அப்பா வந்து சேர்ந்திருந்தார், வேலைச் சட்டையோடு. அம்மா மூவரையும் நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னாள். சொல்லத் தெரியாமல் இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தாள். மாமா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அப்படின்னா மருமவ வயசுக்கு வந்துட்டாளா இல்லியா?"

"வந்து ஒன்னர வருஷத்துக்கு மேல இருக்கும்ன்றாங்க."

மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஒன்னர வருஷமா நான் பேண்டுக்காரன்ட்ட பொய் சொல்லிக்கினு இருக்கன்" என்றார்.

கையெழுத்து வாங்க டாக்டரம்மா வந்தபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "அடைப்பு ஒரு இடத்துலதானா டாக்டர்? மேல லைன்ல எங்கயும் இல்லியே?" என்று கேட்டார். டாக்டரம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தார். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "சரியான கேள்வி கேட்டீங்க. சில பேருக்கு மேல இருக்கும், அது பெரிய வேலை. உங்க பொண்ணுக்கு வாசல்ல மட்டும்தான். மத்ததெல்லாம் நல்லா இருக்கு" என்றார். அப்பா நிமிர்ந்து கையெழுத்துப் போட்டார்.

அம்மாதான் தயங்கி நின்றாள். எல்லோரும் நகர்ந்த பிறகு டாக்டரம்மாவின் பின்னாலேயே போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டதை, நான் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கேட்டேன்.

"டாக்டர், நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா... அது கிழிஞ்சிடுச்சின்னு..."

டாக்டரம்மா நின்றார். "தமிழ்ல இதுக்குக் கன்னித்திரைன்னு ஒரு பேர வெச்சிட்டாங்க. அந்தப் பேராலதான் இவ்வளவு தொல்லையும். அது திரையும் இல்ல, கன்னின்றதுக்கு அத்தாட்சியும் இல்ல. ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதப் பாத்து யாரும் எதையும் சொல்ல முடியாது, நான் உள்பட. மத்தப் பொண்ணுங்களுக்குப் பொறக்கும்போதே இருக்கிற வழிய நாங்க உங்க பொண்ணுக்கு உண்டாக்கித் தரோம். அவ்வளவுதான்."

"குழந்த குட்டி?"

"அதுக்கெல்லாம் ஒரு குறையும் இருக்காது."

அம்மா தலையாட்டினாள். முழுதாக நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் அவள் நடை மாறியிருந்தது.

மறுநாள் காலை முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் கால்கள் யாருடையவோ ஆகிவிட்டன. விழித்துக்கொண்டேதான் இருந்தேன். எதிரே பச்சைத் துணி. மயக்க மருந்து டாக்டர் என் தலைமாட்டில் நின்று, நேற்றுத் தேர் பார்த்தாயா என்று கேட்டார். சத்தம்தான் கேட்டேன் என்று சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே துணிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா, "வந்திடுச்சு" என்றார். சக்ஷன் மெஷின் சர்ரென்று இழுத்தது. வயிற்றில் ஒரு பெரிய கை அழுத்திக்கொண்டிருந்ததை யாரோ விரல் விரலாக எடுப்பதுபோல இருந்தது. வலி இல்லை, கனம் குறைவது மட்டும் தெரிந்தது.

"பாக்கறியா?" என்று கேட்டார் டாக்டரம்மா. நர்ஸ் ஒரு பாத்திரத்தை உயர்த்திக் காட்டினார். நான் சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ச்சிய கருப்பட்டிப் பாகுபோலக் கறுத்து, கெட்டியாக, ஒரு சொம்புக்கு மேல் இருந்தது. ஒன்றரை வருஷத்து மாதங்கள் அத்தனையும். எனக்கு அருவருப்பே வரவில்லை. "இதுவா?" என்று கேட்டேன். "இதுதான். பழசானா இந்த நெறம் ஆயிடும்" என்றார். சவ்வைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதிகமான ஓரத்தை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தானே கரையும் நூலால் ஓரங்களைத் தைத்தார்கள். அம்மா பிளவுஸ் கழுத்துக்குப் போடுகிற தையலை விடச் சின்ன வேலை. அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

வார்டில் என் இரண்டு பக்கமும் பிரசவம் முடிந்த பெண்கள். ஒருத்தி லால்பேட்டைக்காரி, அவளுடைய அம்மா கூட இருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்து, "புள்ளைக்கு இன்னா ஆச்சு? புள்ள எங்க?" என்று கேட்டார். எனக்குக் குழந்தை பிறந்துவிட்டதாக நினைத்துவிட்டார். எங்கள் அம்மா இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை விளக்கிச் சொன்னாள், டாக்டரம்மா சொன்ன அதே வரிசையில். அந்த அம்மா கேட்டுவிட்டு, "யா அல்லாஹ், இப்படியும் உண்டா" என்று சொல்லி, தன் மகளுக்குக் கொண்டுவந்த கறிக்குழம்பில் எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். அதைப்போல ருசியாக நான் அதுவரை எதையும் சாப்பிட்டதில்லை. சாப்பிட வயிற்றில் இடம் இருந்தது. அதுதான் ஆச்சரியம்.

சில நாட்களுக்குப் பழைய ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும், சுத்தமாக வைத்துக்கொள், காய்ச்சலோ நாற்றமோ வந்தால் உடனே வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அப்போதுதான் முதன்முதலாக நான் நாப்கின் வைத்தேன். அத்தை கற்றுக்கொடுக்க வந்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். வகுப்பில் எல்லோரும் பேசுவதை இத்தனை நாள் கேட்டவளுக்கு இதுவா தெரியாது? தலைகீழாக வைத்திருந்தேன். அத்தை சிரித்துச் சிரித்துத் திருப்பி வைத்தார்.

அம்மாவின் போனை வாங்கித் தோழியிடம் பேசினேன். முழுக்கதையும் கேட்டுவிட்டு அவள் வாய்விட்டு மாதங்களை எண்ணினாள். பிறகு, "ஏன்டி, அப்ப எங்க எல்லாருக்கும் முன்னாடியே உனக்கு வந்துருக்கும்போல" என்றாள். அதற்குப் பிறகு, "நாப்கின் இனிமே தரமாட்ட இல்ல?" என்றாள்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் திருப்புதல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது வந்தது. அடிவயிற்றில் லேசாக இழுத்தது, எல்லோருக்கும் இருக்கிற அளவுதான். சிவப்பாக இருந்தது. நான் பாத்ரூமில் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நின்றேன். திரும்பி வந்து அடுத்த கேள்விக்கு விடை எழுதினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும், அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டுவிட்டு என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். களி கிண்டட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். பரோட்டா வாங்கித் தரச்சொன்னேன்.

சடங்கு செய்வதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது. எப்போதோ வந்துவிட்டதற்கு இப்போது எதற்கு என்றார் அப்பா. மாமா போனிலேயே கலங்கிவிட்டார். கடைசியில் என்னைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு என்னைக் கேட்பது எங்கள் வீட்டில் ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. நான் இரண்டு நிபந்தனை சொன்னேன். பரீட்சை முடிந்த பிறகுதான். ஃபிளெக்ஸ் பேனர் கூடாது. மாமா முதலாவதற்கு உடனே ஒத்துக்கொண்டார். இரண்டாவதற்கு ஒரு வாரம் பேரம் பேசினார். சின்னதாக ஒன்று, ஆட்டோவுக்குப் பின்னால் மட்டும் என்றார். முடியாது என்றேன்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, மாதா கோயிலின் பங்குக் கூடத்தில் பந்தல் போட்டுச் செய்தார்கள். மாமா சிதம்பரத்திலிருந்து நண்பர்களின் ஆட்டோக்களில் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார். பட்டுப்பாவாடை இல்லை, பட்டுச்சேலையே எடுத்திருந்தார். நான் வளர்ந்துவிட்டேனாம். பேண்டுக்காரர் இத்தனை நாள் காத்திருந்ததற்கெல்லாம் சேர்த்து வாசித்தார். மாமா வாசலில் ஆடினார், அத்தை இழுத்து நிறுத்தும்வரை. அப்பா ஆடவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு தானே மீன் குழம்பு பரிமாறினார். எனக்கு மட்டும் இரண்டு துண்டு அதிகம் வைத்தார்.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்று இரண்டு தடவை சிதம்பரம் போய் ஸ்கேன் பார்த்தோம். கர்ப்பப்பை பழைய அளவுக்கு வந்துவிட்டது, வழி நன்றாகத் திறந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. இனி வர வேண்டியதில்லை என்றார். எனக்கு அவரைப் பார்க்காமல் இருப்பதில் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மாறிப்போனது அம்மாதான். முன்பெல்லாம் "அந்த மூணு நாள்" என்று சொல்லக்கூடக் குரலைத் தாழ்த்துபவள், இப்போது அளவெடுக்க வருகிறவர்களிடம் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்கிறாள்: "பொண்ணு வயசுக்கு வந்துட்டாளா? இல்லியா? வயித்து வலின்னு சொல்றாளா? மாசாமாசமா?" நான் கல்லூரியிலிருந்து வந்து உள்ளே நுழைகிற நேரம் பார்த்து, "இதோ, இவளுக்குத்தான்" என்பாள். வந்தவர்கள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. ஒருநாள் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணத் துணி தைக்க வந்த ஒரு அம்மா, இந்தக் கேள்வியைக் கேட்டதும் ஜாக்கெட் துணியைக் கீழே வைத்துவிட்டார். பதினான்கு வயது மகள், மாதாமாதம் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுகிறாளாம்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டாக்டர் பாத்துதான் சொல்லணும்" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "உள்ள போயி இவங்களுக்கு டீ போடு. நான் பேசிட்டு வரேன்" என்றாள். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது, அந்த அம்மா தன் மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தார். எங்கள் அம்மா அந்தப் போனை வாங்கி என் பக்கம் நீட்டினாள்.